வராத 45 நிமிஷத்துக்கு என்ன விலை?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் மட்டும் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு நான் பேசப்போறது ஒரு வாட்ஸ்அப் மெசேஜைப் பத்தி. நான் அனுப்பின மெசேஜ். மொத்தமே மூணு வரிதான். அந்த மூணு வரியால ஒரு பேஷன்ட்டோட வைத்தியம் பாதியில நின்னு போச்சு. அதுக்கப்புறம் அதே மூணு வரியை எப்படி எழுதியிருக்கணும்னு கத்துக்க எனக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் ஆச்சு.

நான் திருப்பூர்ல ஒரு சின்ன பிசியோதெரபி கிளினிக் நடத்துறேன். பி.என். ரோட்டிலிருந்து பிரியுற ஒரு சந்துல, கீழே மெடிக்கல் ஷாப், மேல நான். ரெண்டு கட்டில், ஒரு தோள்பட்டைச் சக்கரம், கொஞ்சம் மெஷின். கூட வேலை பார்க்க யாரும் கிடையாது. ஒரு ஆளுக்கு 45 நிமிஷம், 350 ரூபாய். காலையில வயசானவங்க வருவாங்க. சாயங்காலம் ஆறுக்கு மேல வர்றவங்க பெரும்பாலும் பனியன் கம்பெனி ஆட்கள். டெய்லர், செக்கிங், கட்டிங் மாஸ்டர், ஆபீஸ்ல உட்கார்ற மெர்ச்சண்டைசர். கழுத்து, தோள், இடுப்பு. ஊரே குனிஞ்சு தைக்கிற ஊர், வேற என்ன வரும்?

இந்த வேலையில ஒரு சங்கடம் இருக்கு. பனியன் விக்கலைன்னா நாளைக்கு விக்கலாம். இன்னைக்கு ராத்திரி 8.45 ஸ்லாட்டை நாளைக்கு விக்க முடியாது. சலூன் நடத்துறவங்க, டியூஷன் எடுக்கிறவங்க, பல் டாக்டர், எல்லாருக்கும் இதே கதைதான். ஒருத்தர் வரலைன்னா அந்த நேரம் போனது போனதுதான்.

கிளினிக் ஆரம்பிச்சு ஆறாவது மாசம் நோட்டை எடுத்துக் கணக்கு பார்த்தேன். அந்த மாசம் மட்டும் 14 பேர் சொல்லாம வரலை. 14-ஐ 350-ஆல பெருக்கினா 4,900 ரூபாய். என் வாடகை 11,000. எனக்கு அழுகை வந்துடுச்சு. அன்னைக்கு ராத்திரியே இணையத்துல தேடி, வெளிநாட்டு கிளினிக் ஒண்ணோட விதியை அப்படியே தமிழாக்கி, சுவத்துல ஒட்டினேன். “24 மணி நேரத்துக்கு முன் தெரிவிக்காமல் அப்பாயின்ட்மென்ட்டைத் தவறவிட்டால் முழுக் கட்டணமும் அபராதமாக வசூலிக்கப்படும்.”

ஒரே மெசேஜ், ரெண்டு பேர்

அந்த விதி வந்த ரெண்டாவது வாரம். ஒரு அக்கா. வயசு 45 இருக்கும், பவர் டேபிள் டெய்லர். வலது தோள் இறுகிப் போய், கையைத் தோள் உயரத்துக்கு மேல தூக்க முடியாது. ஃப்ரோசன் ஷோல்டர்னு சொல்வோம். அதுக்கு மாத்திரையை விட, விடாம செய்யற பயிற்சிதான் முக்கியம். இடையில விட்டா மறுபடி இறுகும். பத்து சிட்டிங் பேசி, நாலு முடிஞ்சிருந்தது. கை கொஞ்சம் மேல போக ஆரம்பிச்சிருந்தது.

அஞ்சாவது நாள் 8.45-க்கு வரலை. 9.20-க்கு நான் மெசேஜ் தட்டினேன்: “இன்றைய அப்பாயின்ட்மென்ட்டுக்கு நீங்கள் வரவில்லை. எங்கள் விதிப்படி ரூ.350 அபராதம். அடுத்த சிட்டிங்குக்கு முன் செலுத்தவும்.”

மறுநாள் காலையில அந்த அக்கா பையனை அனுப்பி 350 ரூபாயைக் கொடுத்து விட்டாங்க. அதுக்கப்புறம் வரவே இல்லை. நானும் போன் பண்ணலை. ‘காசு கேட்டதுல கோவம் போல’ன்னு நினைச்சு விட்டுட்டேன்.

அதே மாசம் இன்னொருத்தர். ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சண்டைசர், முப்பது வயசு, கழுத்து வலி. முதல் தடவை வராதப்போ அதே மெசேஜ் அனுப்பினேன். ஒரு நிமிஷத்துல பதில் வந்துச்சு: “ஜிபே பண்ணிட்டேன் மேடம்.” கூடவே ஒரு கட்டைவிரல். அடுத்த வாரம் மறுபடி வரலை. நான் கேக்கறதுக்கு முன்னாடியே 350 வந்து விழுந்துச்சு. மூணாவது தடவை அவரே எழுதினார்: “மேடம், புதன் 7.15 எனக்கே வச்சிருங்க. வரலைன்னா காசு போட்டுடறேன்.”

எனக்கு நஷ்டம் இல்லைதானே? ஆனா அந்த 7.15-க்கு ஒரு பாட்டி மூணு வாரமா காத்திருந்தாங்க. இவர் கழுத்தும் சரியாகலை.

ஒரே விதி, ஒரே தொகை. பயந்தவங்களை அது விரட்டிடுச்சு. பணம் இருந்தவருக்கு ‘வராம இருக்கலாம்’னு அனுமதிச் சீட்டு மாதிரி ஆயிடுச்சு.

பின்னாடி தெரிஞ்சது, இதைப் பொருளாதாரக்காரங்க ஏற்கனவே சோதிச்சுப் பார்த்திருக்காங்க. யூரி க்னீஸி, ஆல்டோ ருஸ்டிச்சினின்னு ரெண்டு பேர். இஸ்ரேல்ல ஹைஃபா நகரத்துல பத்து குழந்தைகள் காப்பகத்துல 20 வாரம் பார்த்தாங்க. சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிப் போகப் பெற்றோர் லேட்டா வர்றாங்க. ஆறு காப்பகத்துல மட்டும், பத்து நிமிஷத்துக்கு மேல லேட்டானா 10 ஷெக்கல் கட்டணும்னு விதி போட்டாங்க. லேட் குறையும்னுதானே நினைப்போம்? கூடிடுச்சு, ஏறக்குறைய ரெண்டு மடங்கா. அதுவரைக்கும் ‘டீச்சர் காத்திருப்பாங்களே’ன்னு ஒரு கூச்சம் இருந்துச்சு. கட்டணம் வந்ததும் அது காசு கொடுத்து வாங்கற சேவையாயிடுச்சு. இதுல முக்கியமான விஷயம் என்னன்னா, பின்னாடி கட்டணத்தை எடுத்த பிறகும் லேட் குறையவே இல்லை. போன கூச்சம் திரும்பி வரலை. 2000-ல வந்த அந்தக் கட்டுரையோட தலைப்பே ‘அபராதம் ஒரு விலை’ன்னு அர்த்தம் வர்ற மாதிரிதான் இருக்கும்.

என் மெர்ச்சண்டைசர் தம்பி ஹைஃபாவுக்குப் போனதே இல்லை. ஆனா அதைத்தான் செஞ்சார்.

அக்கா சொன்ன பதில்

மூணு மாசம் கழிச்சு, ஒரு ஞாயித்துக்கிழமை உழவர் சந்தையில அந்த டெய்லர் அக்காவைப் பார்த்தேன். தக்காளியை இடது கையால பொறுக்கிட்டு இருந்தாங்க. வலது கை உடம்போட ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் சிரிச்சாங்க.

“அக்கா, ஏங்க்கா வரவே இல்லை? எம் மேல கோவமா?”

“கோவமெல்லாம் இல்ல கண்ணு. நாங்கதான வரல, காசு குடுக்கறது நாயம்தான? ஆனா அடுத்த வாரமும் ஷிப்மென்ட்டுன்னு சொல்லிட்டாங்க. எந்நேரம் உடுவாங்கன்னு எனக்கே தெரியாது. மறுக்காவும் முந்நூத்தம்பது போச்சுன்னா நான் எங்க போவேன்? அதான் பேசாம இருந்துட்டேன்.”

கோவம் இருந்திருந்தா நான் மன்னிப்பு கேட்டுச் சரி பண்ணியிருக்கலாம். இது பயம். என் விதியை ஒரு டெய்லரால கடைப்பிடிக்கவே முடியாதுங்கறது அப்பதான் எனக்கு உறைச்சது.

திருப்பூர்காரங்களுக்கு இது தெரியும், வெளியூர்க்காரங்களுக்காகச் சொல்றேன். காலையில எட்டரைக்கு உள்ளே போனா சாயங்காலம் அஞ்சரைக்கு ஒரு ஷிப்ட். ராத்திரி எட்டரை வரை இருந்தா ஒன்றரை ஷிப்ட். சரக்கு போக வேண்டிய தேதி நெருங்கிட்டா அதுக்கு மேலயும் ஓடும். இன்னைக்கு எத்தனை மணி வரைங்கறது பல நேரம் சாயங்கால டீ டைம்லதான் தெரியும். சூப்பர்வைசர் வந்து சொல்லிட்டுப் போவார். பல கம்பெனியில லைன்ல உட்கார்ந்து போனை எடுக்கவும் விடமாட்டாங்க. அப்படி இருக்கிறவங்ககிட்ட ‘24 மணி நேரத்துக்கு முன்னாடி சொல்லு’ன்னா எப்படிச் சொல்லுவாங்க? அவங்களுக்கே மூணு மணி நேரத்துக்கு முன்னாடிதான் தெரியுது.

அந்த 24 மணி நேரத்தை எழுதின கிளினிக்கோட பேஷன்ட்டுக்குத் தன் நேரம் தன் கையில இருந்திருக்கும். நான் அதைக் கொண்டுவந்து எங்க சுவத்துல ஒட்டிட்டேன்.

கணக்கை முதல்ல போடணும்

சந்தையிலிருந்து வந்து நோட்டை மறுபடி எடுத்தேன். இந்தத் தடவை ‘எனக்கு எவ்வளவு போச்சு’ன்னு பார்க்கலை. ரெண்டே கேள்வி. எத்தனை மணிக்குள்ள சொன்னா என்னால அந்த இடத்துக்கு வேற ஆள் போட முடியும்? சொல்லாம விட்டா நிஜமா எவ்வளவு நஷ்டம்?

முதல் கேள்விக்கு நோட்டுலயே பதில் இருந்துச்சு. சாயங்காலம் ஆறு மணிக்குள்ள எனக்குத் தெரிஞ்சா, காத்திருக்கிற லிஸ்ட்ல பக்கத்துத் தெருவுல இருக்கிற நாலு பேருக்குப் போன் பண்ணா யாராவது ஒருத்தர் வந்துடுவாங்க. ஏழு மணிக்கு மேலன்னா பெரும்பாலும் யாரும் கிளம்ப மாட்டாங்க. அப்போ எனக்குத் தேவையான கெடு ஆறு மணி. அவங்களுக்குத் தெரியவர்றது டீ டைம், அதாவது அஞ்சரை சுமாருக்கு. ரெண்டும் பொருந்துது! அவங்களுக்கு எப்போ தெரியவருதோ அதுக்குப் பின்னாடியும், எனக்கு எப்போ கை மீறிப் போகுதோ அதுக்கு முன்னாடியும் கெடுவை வைக்கணும். சலூன்னா அது மத்தியானமா இருக்கலாம், டியூஷன்னா முந்தின நாள் ராத்திரியா இருக்கலாம். இன்னொருத்தர் போர்டைப் பார்த்து எழுத முடியாது.

ரெண்டாவது, நஷ்டம். ஒரு சிட்டிங் 350. ஆள் வந்திருந்தா ஜெல், துண்டு துவைக்கிறது, கரன்ட் எல்லாம் சேர்த்து எனக்கு 30 ரூபாய் செலவாகும். வராததால அது மிச்சம். அப்போ அதிகபட்ச நஷ்டம் 320, முழு 350 கிடையாது. அந்த இடத்துக்கு வேற ஆள் வந்துட்டா நஷ்டம் சைபர்.

இது வெறும் நல்ல மனசுக் கணக்கு இல்லை. சட்டமும் இதைத்தான் சொல்லுது. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்துல 74-வது பிரிவு. ஒப்பந்தத்தை மீறினா இவ்வளவு தரணும்னு முன்கூட்டியே ஒரு தொகை எழுதியிருந்தாலும், அந்தத் தொகைக்கு மேல போகாத நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். அதாவது போர்டுல எழுதின தொகை உச்சவரம்பு. அது அப்படியே கைக்கு வர்ற உரிமை இல்லை.

இதுக்கு ஒரு அருமையான வழக்கு இருக்கு. 1982-ல டெல்லி வளர்ச்சி ஆணையம் ஏலம் விட்ட ஒரு மனையை கைலாஷ் நாத் அசோசியேட்ஸ்னு ஒரு நிறுவனம் 3.12 கோடிக்கு எடுத்து, 78 லட்சம் முன்பணம் கட்டுச்சு. மீதிப் பணம் விஷயத்துல இழுபறியாகி, ஆணையம் ஒதுக்கீட்டை ரத்து பண்ணி முன்பணத்தை எடுத்துக்கிச்சு. அதுக்கப்புறம் 1994-ல அதே மனையை 11.78 கோடிக்கு வித்துச்சு. 2015-ல உச்ச நீதிமன்றம் 78 லட்சத்தை வட்டியோட திருப்பிக் கொடுக்கச் சொல்லிடுச்சு. ஒப்பந்தத்தை மீறினதே ஆணையம்தான், அதோட அவங்களுக்கு நஷ்டமே இல்லையே, அப்புறம் எதுக்கு இழப்பீடுன்னு கேட்டாங்க. அவ்வளவு பெரிய கணக்கு, ஆனா என் 8.45 ஸ்லாட்டுக்கும் அதே தர்க்கம்தான். அந்த இடத்துல வேற பேஷன்ட் உட்கார்ந்துட்டாங்கன்னா, வராதவங்ககிட்ட நான் காசு கேக்கக் கூடாது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-லயும் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’னு ஒரு விளக்கம் இருக்கு. நஷ்டத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத அளவுக்குப் பெரிய தண்டத்தொகை போடறது அதுல வருது. உங்களை யாராவது அப்படிக் கேட்டு, பேசியும் தீரலைன்னா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல கூப்பிட்டுக் கேக்கலாம்.

அதனால என் நோட்டீஸ்ல முதல்ல அடிச்ச வார்த்தை ‘அபராதம்’. அபராதம் போட நான் போலீஸும் இல்லை, கோர்ட்டும் இல்லை. ‘ரத்துக் கட்டணம்’னு மாத்தினேன். தொகை 150. உச்சவரம்பு 320-ஆ இருக்க, ஏன் 150? முழுசா வசூலிச்சா அது விலையாயிடும், ‘காசு கொடுத்தாச்சு, கணக்கு முடிஞ்சது’ன்னு ஆயிடும். பாதிக்கும் கீழ வச்சா, மீதியை நான் தாங்கறேன்னு அவங்களுக்கும் தெரியும். அந்தக் கூச்சம் இருக்கட்டும். எனக்கு அது வேணும்.

விதி எப்படி இருக்கு, எப்போ சொல்றேன்

இப்போ என் விதி அஞ்சு வரி.

சாயங்கால சிட்டிங்குக்கு வர முடியலைன்னா அன்னைக்கு மாலை 6 மணிக்குள்ள சொன்னா கட்டணம் இல்லை. போன், மெசேஜ், ஒரு மிஸ்டு கால் கூடப் போதும், நானே திருப்பிக் கூப்பிடறேன். 6 மணிக்கு மேல சொன்னாலோ சொல்லாம விட்டாலோ, அந்த இடத்துக்கு வேற ஆள் கிடைக்கலைன்னா மட்டும் 150 ரூபாய். முதல் தடவையும், உடம்பு சரியில்லாம போனாலும், திடீர்னு வேலை நீண்டாலும் கட்டணம் கிடையாது. நான் 20 நிமிஷத்துக்கு மேல காக்க வச்சாலோ, கடைசி நேரத்துல ரத்து பண்ணாலோ, உங்க அடுத்த பில்லுல 150 கழிச்சுக்கறேன்.

கடைசி வரியைச் சேர்த்ததுக்கு நண்பர்கள் சிரிச்சாங்க. ஆனா அந்த வரிக்குப் பிறகுதான் யாரும் விதியைப் பத்தி முகம் சுளிக்கலை. உன் நேரத்துக்கு விலை இருக்குன்னா என் நேரத்துக்கும் இருக்குதானே? இதுவரைக்கும் நாலு தடவை நான் கழிச்சுக் கொடுத்திருக்கேன்.

விதியை எப்போ சொல்றோம்ங்கறதும் முக்கியம். வராம போன பிறகு முதல் முறையா விதியைக் காட்டினா அது விதி இல்லை, பொறி. முதல் நாள் வரும்போதே வாயால சொல்லிடறேன். அப்புறம் அதே அஞ்சு வரியை வாட்ஸ்அப்ல அனுப்பி, ‘சரி’ன்னு ஒரு பதில் வாங்கிக்கறேன். படிக்கச் சிரமப்படறவங்களுக்கு வாய்ஸ் நோட். சிட்டிங் அன்னைக்கு மாலை 5.15-க்கு ஒரு நினைவூட்டல்: “இன்னிக்கு 8.45. வர்றீங்களா? 1: வர்றேன். 2: முடியாது. 3: வேற நாள்.” டீ கிளாஸைக் கையில வச்சுக்கிட்டே ஒரு நம்பரைத் தட்டிடலாம். உண்மையைச் சொன்னா, சொல்லாம வராதவங்க எண்ணிக்கை குறைஞ்சதுக்குக் கட்டணத்தை விட இந்த 5.15 மெசேஜ்தான் அதிகக் காரணம். நிறைய பேர் வேணும்னே வராம இருக்கலை. மறந்திருந்தாங்க, இல்லை சொல்லக் கூச்சப்பட்டாங்க.

இப்போ அந்த மெசேஜ்

சரி, எல்லாம் பண்ணியும் ஒருத்தர் வரலை. முதல் தடவைன்னா நான் அனுப்பறது இது:

“வணக்கம் அண்ணா. இன்னைக்கு 8.45-க்கு உங்களை எதிர்பார்த்தேன். நல்லா இருக்கீங்கதானே? முதல் தடவைங்கறதால கட்டணம் எதுவும் இல்லை. இடுப்புப் பயிற்சி விட்டுப்போகக் கூடாது, வியாழன் 8.45, ஞாயிறு காலை 9.00 ரெண்டும் காலியா இருக்கு. எது வசதி?”

ரெண்டாவது தடவை, கட்டணம் கேக்க வேண்டிய மெசேஜ். அதை முழுசா படிக்கிறேன், ஏன்னா இதைத்தான் நிறைய பேர் கேட்டீங்க:

“வணக்கம் அண்ணா. செவ்வாய் 14-ஆம் தேதி 8.45 சிட்டிங்குக்கு வர முடியலைன்னு நினைக்கிறேன். மாலை 5.15-க்கு நினைவூட்டல் அனுப்பியிருந்தேன், பதில் வரலை. அந்த நேரத்துக்கு வேற ஆள் கிடைக்கலை. அதனால முதல் நாள் பேசினபடி ரத்துக் கட்டணம் 150 ரூபாய் ஆகுது. அடுத்த தடவை வரும்போது சேர்த்துக் கொடுத்தாப் போதும். ஷிப்மென்ட், உடம்பு சரியில்லைன்னு ஏதாவது காரணம் இருந்தா சொல்லுங்க, எடுத்துடறேன். வெள்ளி 8.45 உங்களுக்காக வச்சிருக்கேன், வர்றீங்களா?”

இதுல எதை ஏன் வச்சேன்னு சொல்றேன். தேதி, நேரம், நினைவூட்டல் போன மணி, வேற ஆள் கிடைக்கலைங்கற தகவல், தொகை. இதெல்லாம் திருப்பூர்ல எக்ஸ்போர்ட் பண்றவங்க எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம். சரக்கு லேட்டானா, குறை இருந்தா, பையர்கிட்டேயிருந்து டெபிட் நோட் வரும். எந்த ஆர்டர், எந்தத் தேதி, எதுக்கு இவ்வளவுன்னு கணக்கு இருந்தா, மனசு வலிச்சாலும் ஒத்துக்குவாங்க. கணக்கே இல்லாம ஒரு தொகை மட்டும் வந்தாதான் சண்டை. 2020 கொரோனா நேரத்துல வெளிநாட்டு பிராண்டுகள் தைச்சு முடிச்ச சரக்கையே ரத்து பண்ணிட்டு ஒதுங்கினப்போ, கடைசி நேரத்துல ரத்தாகறதோட நஷ்டம் யார் தலையில விழும்னு இந்த ஊர் பார்த்துச்சு. அதனால ‘ரத்துக் கட்டணம்’னா இங்க யாருக்கும் புரியாம இல்லை. கணக்கு நேர்மையா இருக்கணும், அவ்வளவுதான்.

‘வரவில்லை’ன்னு குற்றம் சாட்டாம ‘வர முடியலைன்னு நினைக்கிறேன்’னு எழுதறேன். காரணம் எனக்குத் தெரியாதே! ‘உடனே செலுத்தவும்’ கிடையாது, அடுத்த தடவை சேர்த்துக் கொடுத்தாப் போதும். ‘அடுத்த சிட்டிங்குக்கு முன் செலுத்தவும்’னு நான் முன்னாடி எழுதினது கதவை அடைச்ச மாதிரி. கடன் இருக்கேன்னு வைத்தியத்தை நிறுத்திடுவாங்க. கடைசி வரி எப்பவும் அடுத்த தேதி. படிச்சு முடிக்கும்போது கண்ணுல நிக்கறது 150 இல்லை, வெள்ளிக்கிழமையா இருக்கணும்.

மெசேஜை அன்னைக்கு ராத்திரி அனுப்பறதில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு மேல. 9.20-க்கு எனக்கு இருக்கிற எரிச்சல் காலையில இருக்காது. ஸ்டேட்டஸ்ல ‘சிலர் வர்றேன்னு சொல்லிட்டு…’ன்னு ஜாடையா போடறது வேண்டவே வேண்டாம். வராத ஆள் அதைப் பார்க்க மாட்டார், ஒழுங்கா வர்ற பத்துப் பேர் தங்களைத்தான் சொல்றீங்களோன்னு நினைப்பாங்க.

‘இல்ல மேடம், நான் சொன்னேன்’னு யாராவது சொன்னா? மெசேஜைப் பார்க்கறேன். இல்லைன்னாலும் ஒரு தடவை நம்பிடறேன். 150 ரூபாய்க்காக வாதாடி ஜெயிச்சா, அந்த ஆளைத் தோத்துடுவேன்.

மூணாவது தடவையும் அப்படியேன்னா கட்டணத்தை ஏத்தறதில்லை. அங்கேதான் ஹைஃபா கதை திரும்ப வரும். அந்த மெர்ச்சண்டைசர் தம்பிகிட்ட நேராப் பேசினேன். “காசு வேண்டாம் தம்பி, புதன் 7.15-ஐ விட்டுக் கொடுத்துடுங்க. வர முடியற அன்னைக்குக் காலையில கேளுங்க, இடம் இருந்தா சொல்றேன்.” அவருக்கு முகம் மாறிடுச்சு. அடுத்த வாரத்துல இருந்து பாட்டிக்கு 7.15. அவர் இப்போ ஞாயிறு காலை வர்றார், பெரும்பாலும் சரியா வர்றார். நிரந்தர இடம் போகுதுங்கறது அவருக்கு 350-ஐ விடப் பெருசா தெரிஞ்சிருக்கு.

வேலை செய்யுதான்னு எப்படித் தெரியும்

நிறைய பேர் கேப்பாங்க, ‘மாசம் எவ்வளவு கட்டணம் வசூலாகுது?’ன்னு. அந்தக் கணக்கு தப்பு. கட்டணம் அதிகமா வசூலாச்சுன்னா விதி தோத்துடுச்சுன்னு அர்த்தம். ஆட்கள் காசு கொடுத்துட்டு வராம இருக்காங்க. நான் பார்க்கறது, முடியாதுங்கறவங்கள்ல எத்தனை பேர் ஆறு மணிக்குள்ள சொன்னாங்கன்னுதான். போன மாசம் 17 பேரால வர முடியலை. அதுல 14 பேர் ஆறுக்குள்ள சொன்னாங்க. 9 இடம் வேற ஆளால நிரம்புச்சு. கட்டணம் வாங்கினது ஒரே ஒருத்தர்கிட்ட, 150 ரூபாய். வராதவங்க குறையலைங்கறதைக் கவனிங்க, கூடத்தான் செஞ்சிருக்கு. ஷிப்மென்ட் இருக்கிற வரைக்கும் அது குறையாது. சொல்றவங்க கூடியிருக்காங்க.

அந்த அக்காவுக்கு என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. சந்தையிலயே 350-ஐத் திருப்பிக் கொடுத்தேன், வாங்க மாட்டேன்னாங்க. ‘அப்போ ஒரு சிட்டிங்கா எழுதிக்கறேன்க்கா’ன்னு சொன்னதுக்கு அப்புறம்தான் ஒத்துக்கிட்டாங்க. ஞாயித்துக்கிழமை காலை வர ஆரம்பிச்சாங்க. மூணு மாச இடைவெளியில தோள் மறுபடி இறுகியிருந்தது. நாலு சிட்டிங்ல வந்த முன்னேற்றம் போயே போச்சு. முதல்ல இருந்து தொடங்கினோம். இப்போ அடுப்பு மேல இருக்கிற அலமாரியில இருந்து டப்பாவை எடுக்க முடியுது. முழுசா இன்னும் வரலை.

அவங்க கிட்டேயிருந்து அப்பப்போ சாயங்காலம் அஞ்சரைக்கு ஒரு மிஸ்டு கால் வரும். ஒரே ரிங். ‘கண்ணு, இன்னைக்கு ஆவாது’ன்னு அர்த்தம். நான் லிஸ்ட்டை எடுத்து அடுத்த ஆளைக் கூப்பிடுவேன்.

நீங்க சலூன், டியூஷன், கிளினிக் எதாவது நடத்தினா, உங்க ரத்து விதியில இருக்கிற கெடு எங்கேயிருந்து வந்துச்சுன்னு எழுதி அனுப்புங்க. நீங்க வாடிக்கையாளரா இருந்து, நியாயமா தோணின, இல்லை எரிச்சல் வந்த நோட்டீஸ் ஏதாவது இருந்தா, கடை பேரை மறைச்சுட்டு அதையும் அனுப்புங்க. இன்னொரு எபிசோட்ல சேர்ந்து படிப்போம்.